தழும்பு, தேக்கம், செத்த பிக்சல்: திரையில் தங்கிய படங்களின் வரலாறு

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் டிவி, செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றில், மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய மானிட்டர் ஒன்றைப் பார்த்தேன். கண்காணிப்பு கேமராவுக்காக ஏதோ ஒரு கிடங்கில் பல ஆண்டுகள் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. "கரண்டே வேணாம் சார், அப்படியே சாய்ச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். சாய்த்தேன். சாம்பல் நிறக் கண்ணாடிக்கு உள்ளே, திரையை நான்காகப் பிரிக்கும் சிலுவைக்கோடு பழுப்பாகத் தெரிந்தது. கீழ்மூலையில் தேதி வரும் இடத்தில் மங்கிய எழுத்துத் தடம். மின்சாரமே இல்லாத திரையில் படம்!

கடையின் மேசையில் இன்னும் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, வெள்ளைப் பின்னணியில் விசைப்பலகையின் நிழல் விழுந்த செல்போன். மற்றொன்று, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி நிற்கும் எல்இடி டிவி. கொண்டுவந்தவர்கள் இரண்டையும் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "டிஸ்ப்ளே போச்சு." ஆனால் போன விதம் வேறு. வெவ்வேறு காலத்துத் தொழில்நுட்பங்கள் வெவ்வேறு குறைகளைப் பெற்றெடுத்தன. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன் காரணத்தைத் தானே சொல்லிவிடும்.

மூன்று பெயர்களை முதலில் வைத்துக்கொள்வோம். திரையின் ஒளிரும் பொருள் ஓரிடத்தில் மட்டும் அதிகம் தேய்ந்து விழுவது தழும்பு. கடைகளில் 'பர்ன்' என்பார்கள். பொருள் தேயாமல், பழைய படத்தின் மின்னேற்றம் சற்று நேரம் தங்குவது தேக்கம். ஒரே ஒரு புள்ளியின் மின்சுற்று வேலை செய்யாமல் போவது செத்த பிக்சல். விருத்தாசலம் போன்ற பீங்கான் ஊரில் இதை விளக்குவது எளிது. சூளையிலேயே மெருகில் விழுந்துவிடும் ஊசித்துளை செத்த பிக்சல். பத்து வருடம் கரண்டி உரசி ஜாடியின் உள்மெருகு மங்குவது தழும்பு. கழுவினால் போகும் டீக்கறை தேக்கம்.

பிக்சர் டியூபில் தோன்றிய முதல் தழும்பு, ஓடிய படத்தால் வந்ததே அல்ல. தொடக்க காலக் குழாய்களில் திரையின் நடுவே பழுப்பு வட்டம் ஒன்று மெல்ல வளர்ந்தது. குழாய்க்குள் மிச்சமிருந்த வாயுவிலிருந்து பிறந்த அயனிகளே காரணம். எலக்ட்ரானைக் காந்தச்சுருள் எளிதாகத் திருப்பிவிடும். அயனியோ ஆயிரக்கணக்கான மடங்கு கனமானது; காந்தத்துக்கு அதிகம் வளையாமல் நேரே போய் நடுத்திரையில் மோதி ஒளிர்பொடியைக் கெடுத்தது. முதலில், வளைந்த எலக்ட்ரான் துப்பாக்கியையும் கழுத்தில் ஒரு காந்தத்தையும் வைத்து அயனிகளைப் பிரித்தார்கள். பிறகு ஒளிர்பொடியின் பின்புறம் மெல்லிய அலுமினியப் படலம் பூசினார்கள். எலக்ட்ரான் அதை ஊடுருவிச் செல்லும், அயனி அதிலேயே நின்றுவிடும். பின்னால் வீணாகும் ஒளியும் முன்னால் திரும்பும். 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது இந்த வட்டம் பழைய கதையாகிவிட்டது.

மிஞ்சியது இரண்டாவது தழும்பு, அதாவது எலக்ட்ரானே உண்டாக்கும் தேய்மானம். ஒளிர்பொடியின் ஒரு சதுர சென்டிமீட்டரில் இதுவரை வந்து விழுந்த மொத்த மின்னூட்டம் எவ்வளவோ, அந்த அளவுக்கு அதன் ஒளிரும் திறன் குறையும். எத்தனை ஆண்டு ஓடியது என்பதைவிட, ஒரே இடத்தில் எவ்வளவு விழுந்தது என்பதே கணக்கு. கிடங்கு மானிட்டரின் சிலுவைக்கோடு இரவும் பகலும் அதே இடத்தில் வெள்ளையாக நின்றது. அதனால் அந்தக் கோட்டுக்கு அடியில் இருந்த பொடி மட்டும் கிழண்டு நிறம் மாறிவிட்டது.

இங்கே தமிழ்நாட்டின் ஒரு பெரிய சான்றைச் சேர்க்க வேண்டும். 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், 14 அங்குல பிக்சர் டியூப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயின. மூலையில் சேனல் சின்னத்தோடு நாள் முழுக்க ஓடிய பெட்டிகள் அவை. தழும்பு விழுந்து ஏதாவது வந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அரசு டிவியா? எல்ஓடி போய் வரும், பவர் சப்ளை போய் வரும். லோகோ பதிஞ்சு ஒண்ணுகூட நான் பாக்கல" என்றார். காரணம் புரிகிறது. வீட்டில் சேனல் மாறிக்கொண்டே இருக்கும், சின்னங்களின் இடமும் மாறும், பிரகாசமும் அளவாகவே இருக்கும். அதனால் திரை ஏறக்குறைய சமமாகத் தேயும். தழும்பு என்பது முதுமை அன்று, சமமில்லாத முதுமை. முழுத்திரையும் ஒன்றாக மங்கினால் நாம் பிரகாசத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம். பக்கத்துப் பொடி இளமையாக இருக்கும்போதுதான் கிழடு கண்ணில் படும்.

கணினி வந்தபோது நிலைமை மாறியது. ஒரே பட்டியல், ஒரே எழுத்து, அதே இடத்தில் நாள் முழுக்க. 1979இல் வந்த அட்டாரி 400, 800 கணினிகளில், சில நிமிடம் யாரும் விசையைத் தொடாவிட்டால் நிறங்கள் தாமாக மாறத் தொடங்கும். 1983 டிசம்பரில் ஜான் சோச்சா எழுதிய SCRNSAVE என்ற சிறு நிரல் 'சாஃப்டாக்' இதழில் வெளியானது. மூன்று நிமிடம் விசை எதுவும் அழுத்தப்படாவிட்டால் திரையை இருட்டாக்கும். பிற்காலத்தில் மீன்தொட்டியும் பறக்கும் நட்சத்திரங்களுமாக அலங்காரம் ஆன ஸ்கிரீன் சேவரின் வேர் இதுதான். தழும்புக்கு எதிராகப் பிறந்த மருந்து, நோய் போன பிறகும் பழக்கமாக நிலைத்துவிட்டது. பிளாஸ்மா திரைக்கும் ஒளிர்பொடி உண்டு, ஆகவே தழும்பும் உண்டு. நம் பக்கத்து வீடுகளில் அது பரவவில்லை என்பதால் மேலே போகிறேன்.

எல்சிடியில் ஒளிர்பொடியைத் தாக்கும் கற்றை கிடையாது. பின்விளக்கின் ஒளியைத் திரவப் படிகம் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். எல்இடி டிவி என்று நாம் வாங்குவதும் பெரும்பாலும் இதுவே. விளக்கு மட்டும் எல்இடி. ஆனால் திரவப் படிகத்துக்கு ஒரே திசை மின்னழுத்தம் ஆகாது. ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் நேர், எதிர் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் சிறிது சாய்ந்தால், படிகத்தில் கலந்திருக்கும் நுண்ணிய மாசு அயனிகள் ஒரு சுவரை நோக்கி நகர்ந்து ஒதுங்கும். படம் மாறிய பிறகும் அந்த ஒதுங்கிய மின்னேற்றம் அங்கேயே தன் சொந்த அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதுதான் தேக்கம். பஸ் நேரம் காட்டும் பலகையில் வரிகள் மாறிய பின்னும் பழையவை ஆவிபோலத் தெரிவது இதனால்தான்.

இதற்கு மருந்து சுலபம். சில மணி நேரம் அணைத்து வையுங்கள், அல்லது வெறும் வெள்ளைத் திரையோ ஓடும் படமோ காட்டுங்கள். அயனிகள் மீண்டும் பரவிவிடும். ஒரே நாளில் மறைந்தால் தேக்கம் என்று உறுதி. திரும்பத் திரும்ப வந்து, கூடவே சாம்பல் திரையில் மினுக்கலும் இருந்தால், மாறுமின்னழுத்தத்தின் சமநிலை சரியில்லை. மின்சுற்றுப் பலகையைப் பார்க்க வேண்டும்.

செத்த பிக்சல் பிறந்ததும் இந்தத் தலைமுறையில்தான். பிக்சர் டியூபில் ஒரே கற்றை முழுத்திரையையும் வருடியது. தனித்தனிப் புள்ளிக்குத் தனிச் சுற்று கிடையாது, எனவே சாவதற்கும் எதுவும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் பீட்டர் பிராடி குழுவினர் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டர் வைத்துத் திரை செய்து காட்டியபோது இந்தக் குறைக்கும் இடம் பிறந்தது. ஒரு முழு எச்டி திரையில் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்புள்ளிகள். ஆக 62 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள். தூசித் துகள் ஒன்று விழுந்தால் ஒன்று போகும். 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரவரையறை, இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்தது 2, துணைப்புள்ளிக் குறை 5 வரை அனுமதித்தது. முழு எச்டிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு புள்ளிக்காகப் புது டிவியை மாற்றித் தர மறுப்பதற்குப் பின்னால் நிற்பது இத்தகைய கணக்குதான். வாங்கியவருக்கு அது நியாயமாகப் படாது, எனக்கும் படவில்லை.

செத்த புள்ளி எல்லாத் திரையிலும் கறுப்பாக இருக்காது. மின்னழுத்தம் இல்லாதபோது ஒளியை விடும் பழைய டிஎன் திரையில், டிரான்சிஸ்டர் போனால் புள்ளி வெள்ளையாக எரியும். ஐபிஎஸ் திரையில் இருளும். ஒரே நிறத்தில் மாட்டிக்கொண்டது, சாகாமல் சிக்கிய புள்ளி. நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டினால் சில சமயம் விடுபடும். செத்தது விடுபடாது. மேலிருந்து கீழாக முழுக்கோடு விழுந்தால் அது பிக்சலே அல்ல, பேனலின் ஓரத்தில் ஒட்டிய இணைப்புப் பட்டையின் கோளாறு.

தழும்பு மீண்டும் வந்தது ஓஎல்இடியோடு. 1987இல் கோடக்கில் டாங், வான் ஸ்லைக் இருவரும் காட்டிய கரிமச் சேர்மங்கள் தாமே ஒளிர்கின்றன. அதனால் தாமே தேய்கின்றன. நீலம் முதலில் தளரும். செல்போனின் வெள்ளைப் பின்னணியில் விசைப்பலகை இருந்த இடம் மஞ்சளாகத் தெரிவது அதனால்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். செய்திச் சேனல் தினம் 6 மணி நேரம். ஆண்டுக்கு 2190 மணி. மூலையில் உள்ள வெள்ளைச் சின்னம், சுற்றியுள்ள படத்தின் சராசரியைவிட 4 மடங்கு பிரகாசம் என்று வைப்போம். இந்தப் பொருட்களின் ஆயுள் பிரகாசத்துக்கு நேர்விகிதத்தில் குறையாது. அதைவிட வேகமாக, சுமார் 1.5 மடி என்ற கணக்கில் குறையும் (பொருளுக்குப் பொருள் இது மாறும்). அப்படியானால் 4-க்கு 8 மடங்கு தேய்மானம். சின்னத்துக்கு ஓர் ஆண்டு என்பது அக்கம்பக்கத்துக்கு எட்டு ஆண்டு. சின்னத்தின் பிரகாசத்தைப் பாதியாக்கினால் அந்த எட்டு மூன்றுக்கும் கீழே இறங்கும். டிவிக்களே சின்னத்தைக் கண்டுபிடித்து மங்கச் செய்வதும், படத்தைச் சில பிக்சல் அங்குமிங்கும் நகர்த்துவதும் இதற்காகத்தான். நகர்த்துவதால் தேய்மானம் குறையாது. கூர்மையான விளிம்பு மழுங்கும். கண் பிடிப்பது விளிம்பைத்தான்.

எதைச் சோதிக்கிறோம் என்று தெரியாமல் குழம்ப வேண்டாம். முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரையில் காட்டுங்கள். படத்தின் வடிவம் தெரிந்தால் தழும்பு அல்லது தேக்கம். ஓர் இரவு அணைத்து வைத்த பின்னும் இருந்தால் தழும்பு. வடிவமே இல்லாமல் ஊசிமுனைப் புள்ளி நின்றால், சிவப்பு, பச்சை, நீலம் என வரிசையாகக் காட்டி எந்தத் துணைப்புள்ளி போனது என்று பாருங்கள். செல்போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனுக்கு அனுப்புங்கள். நிழல் அங்கே தெரியவில்லை என்றால் மென்பொருள் அல்ல, பேனலேதான்.

ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்களிடம் கடைக்காரர் ஒன்றை மட்டும் கேட்கிறார்: ராத்திரி சுவர் சுவிட்சை அணைக்கிறீங்களா? மொத்தம் சில மணி நேரம் ஓடிய பின், ரிமோட்டில் அணைத்த டிவி காத்திருப்பு நிலையில் ஒவ்வொரு புள்ளியையும் அளந்து, தேய்ந்ததற்கு ஏற்ப மின்னோட்டத்தைச் சரிசெய்துகொள்ளும். இடிமின்னலுக்குப் பயந்து, கரண்ட் பில்லுக்குப் பயந்து தினமும் சுவரிலேயே அணைத்துவிடும் வீட்டில் அந்த வேலை நடக்கவே நடக்காது. "மழை இல்லாத ராத்திரியில ரிமோட்ல மட்டும் ஆஃப் பண்ணி விடுங்க சார், சிவப்பு லைட்டு எரியட்டும்" என்றபடி, விசைப்பலகை நிழல் விழுந்த போனின் பழைய டிஸ்ப்ளேவைச் சூடேற்றிப் பிரிக்கத் தொடங்கினார்.