கோடு காக்கும் எல்லையா, பால் காக்கும் எல்லையா?

ஒரே ஆடையில் சிவப்பும் வெள்ளையும் அருகருகே, ஒன்றில் ஒன்று கலவாமல் நிற்க வேண்டும். தையற்காரருக்கு இது எளிது. இரு நிறத் துணிகளை வெட்டி இணைத்து, இணைப்பின்மேல் மூன்றாம் நிறத்தில் ஒரு பைப்பிங் வைத்துவிடுவார். கத்தரியும் ஊசியும் படாத ஆடையில் அந்த எல்லையை எங்கே வைப்பது? காஞ்சிபுரத்து நெசவாளர் இதற்குக் கோர்வையில் விடை கண்டார். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இரு ஊடைநூல்களையும் எல்லையில் ஒன்றோடொன்று கோத்துவிடுவார். ஆகவே கரையின் பாவும் ஊடையும் ஒரே நிறமாக இருக்கும். உடலின் நிறம் அதற்குள் வராது. காளஹஸ்தியின் கலம்காரிக் கலைஞருக்கு அந்த வசதியும் இல்லை. அவர் கைக்கு வருவது ஏற்கெனவே நெய்து முடித்த ஒரே துண்டு. அதன் ஒவ்வொரு நூலும் சிவப்புப் பகுதியில் தொடங்கி வெள்ளைப் பகுதிக்குள் தடையின்றி ஓடுகிறது. நீர்த்த சாயமோ நூலின் வழியே ஊர்ந்து செல்லும் இயல்புடையது.

கலம்காரி குறித்த கட்டுரைகள் பலவற்றில், கறுப்புக் கோடு வேலியைப் போல நிறங்களைப் பிரித்து நிறுத்துகிறது என்னும் கூற்றைக் காண்கிறோம். பார்வைக்கு அது சரியே. கறுப்புக் கோடு, இன்றைய ஆடையின் பைப்பிங் போலவே, இரு நிறங்களின் சந்திப்பைக் கண்ணுக்குக் கூர்மையாக்குகிறது. ஆனால் சாயத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அக்கோட்டுக்குக் கிடையாது. அது நூலில் ஊறிய ஒரு கறையே. நூலின்மேல் எழுந்த சுவர் அன்று. எல்லையைக் காப்பவை வேறு இரண்டு: எருமைப் பாலும் ஓடும் நீரும்.

கஞ்சி நீக்கிய காடாத் துணியைக் கடுக்காய்க் கரைசலும் காய்ச்சாத எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் சாயம் பற்றுவதற்கு. பாலின் வேலை வேறு: அதன் கொழுப்பு இழைகளின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, நூல் நீரை உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கிறது. வெறும் காடாவில் ஒரு துளி மையை வைத்தால் அது பாவின் வழியும் ஊடையின் வழியும் கால் நீட்டிப் பரவும். பாலில் தோய்ந்த துணியில் வைத்த இடத்திலேயே வட்டமாக நிற்கும். பால் மிகுந்துவிட்டாலும் கேடுதான். மை உட்புகாமல் மேலேயே தங்கிப் பின்னர் கழுவலில் போய்விடும். எருமைப் பாலைத் தேர்ந்ததற்குக் காரணம் அதில் கொழுப்பு மிகுதி என்பதே. (புதுக் கலம்காரித் துணியின் வாடையைக் குறைகூறுவோர் எல்லைக் காவலனையே குறைகூறுகின்றனர்.)

இதன்மேல்தான் கறுப்புக் கோடு வருகிறது. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் இட்டுச் சில வாரம் புளிக்கவைத்தால் காசிமி என்னும் கரைசல் கிடைக்கும். கலம் என்பது கூர்முனை மூங்கில். அதன்மேல் நூலால் கட்டிய கம்பளி அல்லது துணிச் சுருளை விரலால் அழுத்த, காசிமி முனைக்கு இறங்கும். துணியிலுள்ள கடுக்காயைத் தொட்டவுடன் அது கறுக்கும். அழித்தெழுத வழியில்லை.

அடுத்தது சிவப்பு. கலைஞர் சிவப்பைத் தீட்டுவதே இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். சிவக்க வேண்டிய இடங்களில் அவர் தீட்டுவது படிகாரக் கரைசல். பின்னர் மஞ்சிட்டி போன்ற வேர்ச்சாயத்தில் துணி முழுவதையும் கொதிக்கவைக்கிறார். படிகாரம் உள்ள இடம் நிலையாகச் சிவக்கிறது. இல்லாத இடம் இளஞ்சிவப்பாக மங்கிப் போகிறது. அந்த மங்கலைச் சாணக் கரைசலில் ஊறவைத்தும் வெயிலில் ஈரமாக விரித்தும் வெளுப்பர். ஆகவே சிவப்பின் எல்லை உண்மையில் படிகாரத்தின் எல்லை. கொதிகலனுக்குள் போகுமுன் அது கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாது.

இங்கேதான் ஓடும் நீரின் தேவை வருகிறது. படிகாரம் தீட்டிய துணி நன்கு உலர்ந்தபின், நூலில் பற்றாது எஞ்சிய படிகாரத்தைக் கழுவ வேண்டும். ஓடும் நீரில் விரித்துப் பிடித்தால் எஞ்சியது அப்போதே அடித்துச் செல்லப்படும். தொட்டி நீரில் தோய்த்தால் கரைந்த படிகாரம் அங்கேயே நின்று வெள்ளைப் பகுதியில் படியும். பிழை அப்போது தெரியாது. கொதித்து முடிந்தபின் சிவப்பின் விளிம்பிலிருந்து வெள்ளைக்குள் ஒரு புகைபோலத் தெரியும். வெளுப்பினாலும் அது போகாது, ஏனெனில் அது கறை அன்று, நிலையான சாயமே. கள ஆய்வின்போது முதியவர் ஒருவரிடம், "ஐயா, கோடு சரியாகத்தானே இருக்கிறது, பின் ஏன் இது கெட்டது?" என்று கேட்டேன். "கோட்டைப் பாராதீர்கள் தம்பி, தண்ணீரைக் கேளுங்கள்" என்றார். சுவர்ணமுகி ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. 2022இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய இவ்வூரின் தொழிலை நினைக்கும்போது, மாவட்ட எல்லையைவிட இந்த ஆற்றின் எல்லையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்நுட்பம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அயலாரின் கண்ணை உறுத்தியது. சோழமண்டலக் கரையின் ஓவியத் துணிகள் ஐரோப்பாவில் மேலங்கிகளாகவும் பாவாடைகளாகவும் விரும்பி அணியப்பட்டன. உள்நாட்டு நெசவைக் காக்க, பிரான்சு 1686இல் அவற்றைத் தடைசெய்து 1759 வரை அத்தடையை நீட்டித்தது. தடை நடப்பிலிருந்தபோதே, 1734இல் புதுச்சேரியில் பொலியு என்னும் கடற்படை அதிகாரி, ஓவியர் ஒருவரின் வேலையைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வெட்டிச் சேர்த்தார். 1742இல் கெர்தூ என்னும் சேசு சபைப் பாதிரியார் இதே தொழிலைக் கடிதத்தில் விரிவாக விவரித்தார். கடுக்காயும் எருமைப் பாலும் அதில் உண்டு. சிவப்புக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு வேண்டுமெனில் படிகாரத்துக்கு முன் மெழுகால் வரைந்துகொள்வர். நீலத்துக்கோ, நீலம் வேண்டிய இடம் தவிரத் துணி முழுதும் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். மெழுகு வெடித்த இடத்தில் நீலம் மயிரிழையாகப் புகும். பழந்துணிகளின் வெள்ளையில் அவ்விழைகளைக் காணலாம். காளஹஸ்தியில் இன்று நீலத்தையும் கலத்தாலேயே தீட்டுகின்றனர்.

கையால் தீட்டியதையும் திரை அச்சையும் பிரித்தறிய மாணவர்கள் அடிக்கடி வழி கேட்கின்றனர். கோடு எவ்வளவு நேர்த்தி என்று பார்ப்பது பயனற்றது; எல்லைப் பிழையைப் பாருங்கள். அச்சில் நிறம் கோட்டைவிட்டு அரை நூல் விலகியிருந்தால், அதே விலகல் அதே திசையில் ஒவ்வொரு பூவிலும் திரும்பி வரும். கையில் பிழை உண்டு. ஆனால் ஒரு பிழை இன்னொன்றைப் போல இராது.

கறுப்புக் கோட்டுக்குத் திரும்புவோம். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறுப்பு, பருத்தியைக் காலப்போக்கில் அரிக்கும். பழந்துணிகள் சிலவற்றில் சிவப்பும் வெள்ளையும் உறுதியாக இருக்க, அவற்றுக்கு இடையே கோடு ஓடிய தடத்தில் மட்டும் நூல் உதிர்ந்து, உருவத்தின் வெளிவிளிம்பு மெல்லிய பிளவாக நிற்கிறது. அத்தகைய துணியை நேராகத் தொங்கவிடக் கூடாது; கோடு செல்லும் வழியே எடை தாங்காது கிழியும். தட்டையாகக் கிடத்தி, அடியில் ஆதரவுத் துணி வைத்துத்தான் காக்க வேண்டும்.