டப்பிங்

‘இரட்டை’ எனப் பொருள்படும் ‘டபுள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே ‘டப்’. பேசும்படம் வந்த 1920களின் இறுதியில் சினிமாவில் புழக்கத்துக்கு வந்தது. திரையில் இருக்கும் வாய்க்கு இரண்டாவதாக ஒரு குரல்.

அந்த வாய்தான் வசனத்தைத் தீர்மானிக்கிறது. ப, ம ஒலிகளுக்கு உதடுகள் மூடியாக வேண்டும். குளோசப்பில் இது தப்பினால் பார்வையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ‘ஹெல்ப் மீ’ என்பதை எடுத்துக்கொள்வோம். வாய் திறந்து, நடுவில் ஒருமுறை மூடி, மறுபடி திறக்கிறது. ‘உதவி செய்’ பொருளில் சரி, ஆனால் உதடு எங்குமே மூடாது. ‘காப்பாத்து’ அழகாகப் பொருந்தும்: ‘கா’வில் திறப்பு, ‘ப்பா’வில் மூடித் திறப்பு. ஓரசை கூடுவதால் கடைசித் ‘து’வை விரைந்து விழுங்கிப் பேச வேண்டும். பேசுபவர் முதுகு காட்டும் காட்சியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே நீளம் மட்டும் ஒத்தால் போதும்.