பிரிந்த பிறகு கூட்டு வங்கிக் கணக்கு: எந்தக் கட்டணத்தை முதல்ல நிறுத்தணும்?

நீங்களும் உங்கள் துணையும் பிரிந்து வாழ முடிவெடுத்தாச்சு. இனி இருவர் சம்பளமும் கூட்டுக் கணக்குக்குப் போகாது. ஆனால் மாதம் பிறந்தால் ஜைரோவும் சந்தாக்களும் அவை பாட்டுக்குப் பணத்தை எடுக்கும்.

உடனே கணக்கை மூடிடலாமா? அவசரப்படாதீங்க.

ஓர் உதாரணம். கணக்கில் மீதம் 900 வெள்ளி. அந்த மாதம் ஜைரோவில் போகவேண்டியவை: வருமான வரித் தவணை 250, மின்சாரம், தண்ணீர் 160, நகர மன்றக் கட்டணம் 80, வீட்டுக் கடனுக்கு ரொக்கமாகக் கட்டுவது 400. மொத்தம் 890. சமாளிக்கலாம்.

ஆனால் அதற்கு முன்பே உடற்பயிற்சிக்கூடம் 120 வெள்ளியையும், படம், பாட்டு, இணையச் சேமிப்புச் சந்தாக்கள் 60 வெள்ளியையும் எடுத்துவிட்டன. கடைசியில் வீட்டுக் கடனின் முறை வரும்போது கணக்கில் இருப்பது 230 வெள்ளிதான். ஜைரோ பாதித் தொகையை எடுக்காது. தவணை தவறிப்போகும். கடன் இருவர் பெயரிலும் இருந்தால் பாதிப்பும் இருவருக்கும்தான்.

அதனால் முதலில் நிறுத்தவேண்டியவை அட்டைச் சந்தாக்கள். நிறுத்தினால் யார் தலையிலும் கூரை விழாது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. வங்கி அட்டையை மாற்றினாலும் நிற்கும் என்று நம்பமுடியாது. புது அட்டையின் விவரம் சில நிறுவனங்களுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். சேவை நிறுவனத்திடமே ரத்து செய்யணும். கைப்பேசியின் செயலிக் கடைவழி சேர்ந்திருந்தால் அங்கே போய் ரத்து செய்யணும். ஒரு மாத அறிக்கையை மட்டும் பார்க்காமல் 12 மாத அறிக்கைகளைப் பாருங்க. ஆண்டுச் சந்தாக்கள் அப்போதுதான் கண்ணில் படும். குடும்பத் திட்டம் என்றால் பிள்ளைகளின் கணக்கும் அதில் இருக்கலாம். சொல்லாமல் நிறுத்தினால் வீட்டில் இன்னொரு சண்டை.

ஜைரோ வேறு கதை. அதை வங்கிச் செயலியில் ரத்து செய்யலாம். ஆனால் நிற்பது கட்டும் வழி மட்டும்தான், கட்டணம் நிற்காது. மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், நீங்கள் வீட்டைவிட்டுப் போன பிறகும் பில் உங்களுக்குத்தான் வரும். அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகு உங்கள் ஏற்பாட்டை முடியுங்க.

வரி, காப்புறுதி, வீட்டுக் கடன் மூன்றையும் நிறுத்தவே வேண்டாம், இடம் மாற்றுங்க. வரித் தவணை தவறினால் தவணைத் திட்டமே ரத்தாகி, மீதியை மொத்தமாகக் கட்டச் சொல்லலாம். காப்புறுதி காலாவதியானால், மறுபடியும் சேரும்போது உடல்நிலை பற்றிக் கேள்வி வரும். புதிய கணக்கில் முதல் தவணை பிடிக்கப்பட்டதைப் பார்த்த பிறகே பழைய ஜைரோவை ரத்து செய்யுங்க.

அதுவரை கூட்டுக் கணக்கில் யார் எவ்வளவு போடுவது என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுதி வையுங்க. ஒரு முழு மாதம் எதுவும் பிடிக்கப்படவில்லை என்றால், கணக்கை மூடும் படிவத்தைக் கேட்கலாம். சில கணக்குகளுக்கு இருவர் கையெழுத்தும் தேவைப்படும்.