வடதிசை நாடிய நுண்ணுயிர்கள்

1975-ஆம் வருஷம் 'சயன்ஸ்' என்னும் அமெரிக்க விஞ்ஞானச் சஞ்சிகையில் ரிச்சர்டு பிளேக்மோர் என்பவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவர் மாணவப் பருவத்தைத் தாண்டாத ஆராய்ச்சியாளர். மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கடற்கரையில் உட்ஸ் ஹோல் என்னும் ஊரையடுத்த உப்பங்கழிகளின் சேற்றை எடுத்துவந்து, அதில் வேறொரு வகை நுண்ணுயிரைத் தேடிக்கொண்டிருந்த அவருடைய கண்ணில் பட்டது, தேடாத ஒரு காட்சி. கண்ணாடித் தகட்டின்மீதிருந்த நீர்த்துளிக்குள் சில பாக்டீரியாக்கள் ஒன்றுவிடாமல் ஒரே பக்கமாக நீந்திச் சென்று, துளியின் விளிம்பில் கூட்டமாகத் தங்கி நின்றன.

ஜன்னல் வெளிச்சத்தை நோக்கித்தான் அவை ஓடுகின்றன என்று எவரும் முதலில் எண்ணுவது இயல்பே. ஆனால் மைக்ராஸ்கோப்பைத் திருப்பி வைத்தாலும், வெளிச்சம் படாதபடி மூடிவைத்தாலும், வேறோர் அறைக்குக் கொண்டுபோனாலும், பூகோளத்தின் அதே திசையைத்தான் அவை நாடின. அந்தத் துளியின் அருகே ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தபோது கூட்டம் முழுவதும் திரும்பிற்று, சந்தேகம் தீர்ந்தது. இதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னரே, 1963-இல், இத்தாலியின் பாவியா சர்வகலாசாலையில் ஸல்வடோரே பெல்லினி என்பவர் இதே காட்சியைக் கண்டு எழுதிவைத்திருந்தார். ஆனால் அவருடைய இத்தாலிய எழுத்துக்கள் வெளியுலகின் கவனத்துக்கு வராமலே கிடந்தன. முதற்கண்டவருக்குரிய மரியாதை அவருக்கு இவ்வளவு தாமதமாகக் கிட்டியது எனக்கு வருத்தந்தருவதே.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் கீழ் அந்த உயிரணுக்களை ஆராய்ந்தபோது, உடலின் நீளவாட்டில் வரிசையாக நிற்கும் கறுத்த மணிகள் தென்பட்டன. அவை இரும்புச் சத்து மிக்கவை என்பது அப்போதே தெரிந்தது. 1979-இல் பிராங்கெல், பிளேக்மோர், உல்ஃப் ஆகிய மூவரும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒரு சுருள்வடிவ பாக்டீரியாவைக் கொண்டு, அம்மணிகள் மாக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாதுவின் ஸ்படிகங்களே என்று நிரூபித்தனர். ஒவ்வொரு ஸ்படிகமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதினாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஒரு வரிசையில் இருபது ஸ்படிகங்கள் வரை நிற்கும்.

தண்ணீரின் மூலக்கூறுகள் உஷ்ணத்தினால் ஓயாமல் அதிர்ந்து, இத்தகைய நுண்ணிய உடலைச் சகல திசைகளிலும் மோதித் திருப்பிக்கொண்டேயிருக்கின்றன. பூமியின் காந்தமோ மிகவும் பலவீனமானது. தனியொரு ஸ்படிகத்தின்மீது அதற்குள்ள பிடி அந்த மோதல்களின் பலத்தை விஞ்சாது. ஆனால் ஒன்றன் வடமுனையை அடுத்ததன் தென்முனை தொடுமாறு அவை வரிசையாக நிற்கையில், அத்தனை ஸ்படிகங்களின் காந்த பலமும் ஒரே அச்சில் கூடி, உஷ்ணத்தின் அலைக்கழிப்பைப்போல் பதினாறு மடங்காகிவிடுகிறது. ஆகையால் உயிரணு, மோதுண்டு மோதுண்டு சற்றே ஆடினாலும், மொத்தத்தில் காந்தப் புலத்தின் கோட்டிலேயே நிற்கிறது. இதில் அறிவோ முயற்சியோ வேண்டியதில்லை. இறந்த உயிரணுவும் அவ்வாறே திரும்பி நிற்கும், நீந்தாது, அவ்வளவுதான்.

கட்டவிழ்த்துவிட்டால் இந்த ஸ்படிகங்கள் ஒன்றையொன்று இழுத்துக் குவியலாகிவிடும். குவியலில் எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் திசையுணர்த்தும் சக்தி பெரும்பாலும் போய்விடும். அதைத் தடுப்பதற்கென்றே உயிரணுவுக்குள் இழை போன்ற ஒரு புரதமும், அவ்விழையோடு ஸ்படிகங்களைப் பிணைக்கும் மற்றொரு புரதமும் இருப்பதை 2006-இல் கண்டறிந்தார்கள். பிணைக்கும் புரதத்தைப் பரம்பரைக் கூறிலிருந்தே நீக்கிய பாக்டீரியாவில் வரிசை குலைந்து, ஸ்படிகங்கள் கொத்தாகத் திரண்டு கிடந்தன.

இவ்வளவு பாடுபட்டு வடதிசையை அறிவதால் சேற்றிலுள்ள உயிருக்கு ஆவதென்ன? மாஸசூஸெட்ஸில் பூமியின் காந்தக் கோடுகள் வடக்கு நோக்கிச் செல்வதோடு, செங்குத்தாகக் கீழ்நோக்கியும் சாய்கின்றன. பிராணவாயு மிகுந்தால் வருந்தும் இவ்வுயிர்கள், அக்கோட்டைப் பற்றி நீந்தினால், நேரே வண்டலுக்குள் இறங்கிவிடும். இது மெய்யானால், கோடுகள் மேல்நோக்கி எழும் தென்பாதி உலகில் அவை தெற்கையே நாடவேண்டும் அல்லவா? நியூஜீலாந்திலும் டாஸ்மேனியாவிலும் தேடியபோது அவ்வாறே தெற்கை நாடும் இனங்கள் கிடைத்தன. அச்செய்தி 1980-இல் வெளிவந்தது. கோடுகள் ஏறக்குறைய கிடையாகச் செல்லும் பிரேஸிலின் ஃபோர்டலெஸாவில் இருவகையும் கிட்டத்தட்டச் சம அளவில் காணப்பட்டன.

இந்த அழகிய விளக்கத்துக்கு 2006-இல் ஓர் இடையூறு நேர்ந்தது. உட்ஸ் ஹோலுக்கு அண்மையிலுள்ள ஸால்ட் பாண்ட் என்னும் நீர்நிலையில், வடபாதி உலகிலேயே, தெற்கை நாடும் பாக்டீரியாக்கள் ஏராளமாக வாழ்வதை ஸிமன்ஸும் அவருடைய சகாக்களும் கண்டனர். ஸ்படிக வரிசை காட்டுவது ஒரு கோட்டை மட்டுமே. அக்கோட்டில் மேலேறுவதா கீழிறங்குவதா என்பதில் சுற்றியுள்ள நீரின் பிராணவாயு நிலைக்கும் பங்குண்டு என்று இன்று கருதப்படுகிறது. ஆயினும் அந்தக் குளத்தின் தெற்கு நாடிகள் கீழிறங்க வேண்டிய இடத்தில் ஏன் மேலேற முயல்கின்றன என்பதைக் குறித்து ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒருமுகமான முடிவுக்கு வரவில்லை.