46-ஆ, 47-ஆ? ஒரு பஸ் டிரிப் ஷீட்டைப் படியெடுத்த கதை

பெரியப்பா கும்பகோணம்–மாயவரம் தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா (பெரியப்பாவின் மகள்) டிரங்குப் பெட்டியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். "தம்பி, நீ பழைய பேப்பர்லாம் படிக்கிறவன்தானே. இதுல அப்பா என்னதான் திருத்துனாரு, கொஞ்சம் பாத்துச் சொல்லு."

விஷயம் இதுதான். மொத்தத்தைத் திருத்தி எழுதினார் என்று சொல்லி முதலாளி ஆபீஸில் அவருக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தார்களாம். பெரியப்பா அந்தத் தாளைக் கடைசிவரை தூக்கிப் போடவில்லை. ஆனால் வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. "ஏதோ கை வச்சிருப்பாரு போல" என்ற முணுமுணுப்பு மட்டும் சொந்தத்தில் நின்றுவிட்டது.

தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டிரிப் ஷீட் என்று நாம் சொல்வதை கண்டக்டர்கள் பலர் 'இன்வாய்ஸ்' என்பார்கள். மெஷின் டிக்கெட் வருவதற்கு முன்பு ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனித்தனி டிக்கெட் கட்டு இருக்கும். டிக்கெட்டில் வரிசை எண் அச்சாகி வரும். ஒவ்வொரு ஸ்டேஜைத் தொடும்போதும் கட்டின் மேலே இருக்கும் டிக்கெட்டின் எண்ணை, அதாவது அடுத்து கிழிக்க வேண்டிய டிக்கெட்டின் எண்ணை, கண்டக்டர் தாளில் எழுத வேண்டும். இரண்டு ஸ்டேஜுக்கான எண்களைக் கழித்தால் நடுவில் எத்தனை டிக்கெட் போனது என்று தெரிந்துவிடும்.

செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறியதும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். ஆடுதுறையில் ஏறிய பயணி கையில் ஆடுதுறைக்கு எழுதிய எண்ணைவிடச் சின்ன எண் உள்ள டிக்கெட் இருந்தால், அது ஏற்கனவே ஒருவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிய டிக்கெட். தாளின் முதல் வேலையே இந்த மாதிரி மோசடியைப் பிடிப்பதுதான். மொத்தம் போடுவது இரண்டாவது வேலை.

தாளில் நாலு டிரிப். திருத்தம் இரண்டாவது டிரிப்பில். 1 ரூபாய் டிக்கெட்டின் மொத்தத்தில் 46-உம் 47-உம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அதற்குக் கீழே டிரிப் வசூலிலும் 120.00, 121.00 என்று அதேபோல. இரண்டும் ஒரே நீல பால்பாயின்ட். எந்தக் கோடு மேலே, எது கீழே என்று லென்ஸ் வைத்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. பால்பாயின்ட் மையில் இது பெரும்பாலும் கண்ணை ஏமாற்றும். அழுத்தி எழுதிய கோடு, முதலில் எழுதியதாக இருந்தாலும், மேலே இருப்பதுபோலத் தெரியும்.

நான் முதலில் செய்தது தப்பு. "47-ஐ 46 ஆக்கியிருக்கிறார்" என்று கண்ணுக்குப் பட்டது, அப்படியே ஸ்ப்ரெட்ஷீட்டில் 46 என்று அடித்துவிட்டேன். அந்த நிமிஷமே தாளில் இருந்த சந்தேகம் என் ஃபைலில் இல்லாமல் போய்விட்டது. குறைத்து எழுதியிருந்தால் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். நான் அடித்த ஒரு இலக்கம் ஒரு மனுஷனைத் திருடனாக்கிவிட்டது!

மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒரே விதி: எழுதியிருப்பது ஒரு பத்தியில், நான் புரிந்துகொண்டது வேறு பத்தியில். மேலெழுதிய இடத்தில் இரண்டு எண்ணையும் நடுவில் ஒரு கோடு போட்டு வைப்பது. எது முந்தியது என்று இப்போதைக்கு முடிவெடுக்கக் கூடாது. இரண்டாவது டிரிப்பின் 1 ரூபாய் கட்டு இப்படி வந்தது:

```
வரிசை,எழுதியபடி,விரிவு,நேரம்,எண்
1,கும்,கும்பகோணம்,6.40,862
2,திரு,திருபுவனம்,6.55,875
3,திரு,திருவிடைமருதூர்,7.05,881
4,ஆடு,ஆடுதுறை,7.15,893
5,குத்,குத்தாலம்,7.35,304
6,மாயூ,மயிலாடுதுறை,7.55,309
மொத்தம்,,,,46|47
```

இரண்டு வரியில் 'திரு' என்றே இருப்பதைக் கவனியுங்கள். அவருக்குக் குழப்பம் இல்லை, ரோடு தெரிந்தவர். நமக்கும் ரோடுதான் விடை. கும்பகோணத்திலிருந்து போகும்போது திருபுவனம் முதலில், திருவிடைமருதூர் பிறகு. 'மாயூ' என்பது மாயூரம். 1982-இல்தான் அந்த ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறியது. தாளின் தேதியில் 198 வரைக்கும் இருக்கிறது, கடைசி இலக்கம் கிழிந்துபோயிருக்கிறது. "அப்போ இது 1982-க்கு முந்தியது" என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் மாயவரம்தான். பழைய பெயரை வைத்துக் காலம் சொல்வது செல்லாது, விட்டுவிட்டேன்.

நேரப் பத்தியிலும் ஒரு பாடம். எல்லாம் 5-இன் மடங்கு, எல்லாம் கறுப்பு மை. டிக்கெட் எண்களோ நீலம். அதாவது ஸ்டேஜ் பெயரையும் நேரத்தையும் வண்டி எடுக்கும் முன்பே உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். அது பஸ் போன நேரம் இல்லை, போக வேண்டிய நேரம். மாயூ வரியில் மட்டும் பக்கத்தில் நீலத்தில் 8.05 என்று பொடியாக இருக்கிறது. அன்றைக்கு நிஜமாக எழுதிய நேரம் இந்த டிரிப்பில் அது ஒன்றுதான். வண்டி பத்து நிமிஷம் லேட்.

இப்போது கணக்குக்கு வருவோம். அடுத்தடுத்த எண்களைக் கழித்தேன். 13, 6, 12 என்று ஒழுங்காக வந்தது. ஆடுதுறையிலிருந்து குத்தாலத்துக்கு −589! டிக்கெட் மைனஸில் விற்காது. 304-ஐ நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன், தெளிவான 304. அப்புறம்தான் ஓரத்தில் பென்சிலில் எழுதியதுபோல மங்கலாக '300' என்று இருந்தது கண்ணில் பட்டது.

நடுவழியில் கட்டு தீர்ந்துபோய், புதுக் கட்டை எடுத்திருக்கிறார். ஒரு கட்டுக்கு 100 டிக்கெட். புதுக் கட்டு 300-இல் ஆரம்பிக்கிறது என்றால், கட்டுகள் 00-இல் தொடங்கி 99-இல் முடிகின்றன. அப்படியானால் பழைய கட்டின் கடைசி டிக்கெட் 899. ஆடுதுறையில் மேலே இருந்தது 893. 893 முதல் 899 வரை 7 டிக்கெட். புதுக் கட்டில் 300 முதல் 303 வரை 4. ஆக 11. அங்கிருந்து மாயவரம் வரை 5.

13 + 6 + 12 + 11 + 5 = 47.

சரி, 46 எங்கிருந்து வந்தது? எங்கள் தொழிலில் தினமும் அடி வாங்கும் பிழைதான் இது. மற்ற வரிகளில் எழுதுவது இன்னும் கிழிக்காத டிக்கெட்டின் எண், அதனால் நேராகக் கழித்தால் போதும். கட்டு தீரும்போது மட்டும் 899 என்பது கிழித்துவிட்ட டிக்கெட். 899-லிருந்து 862-ஐக் கழித்தால் 37 வரும். ஆனால் விற்றது 38. வேலிக்கு எத்தனை இடைவெளி என்று எண்ணிவிட்டு எத்தனை கம்பம் என்று சொல்வதுபோல. 37-உடன் புதுக் கட்டின் 9-ஐக் கூட்டினால் கச்சிதமாக 46. இது என் ஊகம்தான். ஆனால் 46 என்ற எண்ணுக்கு வேறு எந்தக் கணக்கிலும் வழி கிடைக்கவில்லை.

ஆக, சரியான எண்ணிக்கை 47. ஆனால் அவர் கடைசியாக எழுதியது எது? சரியான 47-ஐ எழுதிவிட்டுப் பிறகு 46 ஆக்கியிருக்கலாமே? இதற்கு வரிசை எண் பதில் சொல்லாது. தாளின் அடிவாரம் சொல்கிறது. அங்கே நாலு டிரிப்பையும் கூட்டி நாள் மொத்தம் 499.00 என்று எழுதியிருக்கிறார். அதில் ஒரு திருத்தமும் இல்லை. மற்ற மூன்று டிரிப்பும் சுத்தமான எண்கள்: 138.50, 97.00, 142.50. கூட்டினால் 378.00. 499-லிருந்து கழித்தால் மீதி 121.

அந்த டிரிப்பில் 50 காசு டிக்கெட் 24, 2 ரூபாய் டிக்கெட் 31. அதாவது 12 ரூபாயும் 62 ரூபாயும். 121 வரவேண்டும் என்றால் 1 ரூபாய் டிக்கெட் 47 இருந்தாக வேண்டும். நாள் மொத்தம் போட உட்கார்ந்தபோது தாளில் நின்றது 121தான். அதற்கப்புறம் 120 என்று குறைத்திருந்தால் 499-உம் 498 ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. திருத்தம் 46-லிருந்து 47-க்குப் போயிருக்கிறது. ஒரு ரூபாய் ஏறியிருக்கிறது, அதாவது அவர் பையிலிருந்து ஆபீஸுக்கு.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டிக்கெட்டே கிழிக்காமல் காசு வாங்கியிருந்தால் அது இந்தத் தாளில் எங்கேயும் தெரியாது. கொடுத்த டிக்கெட்டுக்கு மட்டும்தான் இங்கே கணக்கு. ஆனால் அவர் மேல் வந்த குற்றச்சாட்டு அதுவல்ல, திருத்தினார் என்பதுதான். அந்தத் திருத்தத்துக்குத் தாளிலேயே பதில் இருக்கிறது.

என் ஃபைலில் மொத்தம் இன்னும் 46|47 என்றே இருக்கிறது, அதை மாற்றவில்லை. பக்கத்தில் விளக்கப் பத்தி ஒன்று சேர்த்து மேலே சொன்ன காரணங்களை எழுதி வைத்தேன். நாளைக்கு யாராவது என் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தால் அவர்களுக்குத் தாளில் இருந்தது அப்படியே கிடைக்க வேண்டும்.

அன்று ராத்திரியே அக்காவுக்கு போன் போட்டு, கட்டு மாறிய இடத்திலிருந்து வரிவரியாகச் சொன்னேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப அந்த ஒரு ரூபா?"

"பெரியப்பாவே சேர்த்துக் கட்டியிருக்காரு அக்கா. முதல்ல கம்மியாப் போட்டுட்டு, அவரே பாத்துத் திருத்தியிருக்காரு."

"அத சொல்லிருக்கலாம்ல அவங்ககிட்ட" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.