கசியும் குழாய்களும் கழற்றும் கைகளும்: எபோலா நோயின் இயல்பும் மருத்துவ ஊழியர் பாதுகாப்பும்

எபோலா என்றதும் கண்ணிலும் வாயிலும் இரத்தம் வடியும் நோயாளியின் உருவமே பலருடைய மனத்தில் எழுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-ஆம் ஆண்டு பரவிய கொள்ளைநோயின் முதல் ஒன்பது மாதங்களை உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஆராய்ந்தபோது, காரணம் அறியமுடியாத இரத்தக்கசிவு ஏறத்தாழ 18 விழுக்காட்டினரிடமே பதிவாகியிருந்தது. காய்ச்சல் 87 விழுக்காட்டினரிடமும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடமும் இருந்தன. இறப்பு விகிதமோ 70 விழுக்காட்டை எட்டியது. பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் சிந்தாமலே இறந்தார்கள்.

இந்த உண்மையிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. எபோலாவில் உயிரைப் பறிப்பது முதன்மையாக நீர்மம் கசிதலும் அதைத் தொடரும் அதிர்ச்சி நிலையும்தான் என்பது ஒன்று. இரத்தக்கசிவை எச்சரிக்கை மணியாக எதிர்பார்த்திருக்கும் மருத்துவமனை, மணி ஒலிக்கும் முன்பே தன் ஊழியர்களை இழந்துவிடும் என்பது மற்றொன்று. நோயின் உடலியலும் ஊழியர் பாதுகாப்பும் பெரும்பாலும் தனித்தனியே பேசப்படுகின்றன. முதலாவதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இரண்டாவதைத் திட்டமிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குழாய்ச்சுவர் கசிவது எப்படி?

எபோலா நச்சுயிரி உடலில் நுழைந்ததும் முதலில் தாக்குவது இரத்தக்குழாயை அன்று. நோய்த்தடுப்பின் முன்னணிக் காவலர்களான பெருவிழுங்கு செல்களிலும் கிளைச்செல்களிலும் அது பெருகுகிறது. நச்சுயிரி நுழைந்ததை அண்டைச் செல்களுக்கு அறிவிக்கும் இன்டர்ஃபெரான் செயல்பாட்டை விபி35, விபி24 என்னும் அதன் இரு புரதங்கள் முடக்கிவிடுகின்றன. எதிர்ப்பு எழுவதற்குள் நச்சுயிரி நிணநீர் முடிச்சு, மண்ணீரல், கல்லீரல், அட்ரினல் சுரப்பி என்று பரவிவிடுகிறது.

தொற்றுக்கு உள்ளான பெருவிழுங்கு செல்கள் இறப்பதற்குமுன் இரு வகைத் தீங்கு செய்கின்றன. முதலாவது, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களையும் நைட்ரிக் ஆக்சைடையும் அளவின்றிச் சுரக்கின்றன. இவை குழாயின் உட்சுவர்ச் செல்களுக்கிடையே உள்ள பிணைப்பைத் தளர்த்துகின்றன. குழாய் விரிந்து அழுத்தம் குறைகிறது; பிளாஸ்மா திசுக்களுக்குள் வழிகிறது. இரண்டாவது, அவை தம் மேற்பரப்பில் திசுக் காரணி என்னும் புரதத்தைக் காட்டுகின்றன. அது தேவையற்ற இடங்களிலெல்லாம் இரத்த உறைதலைத் தூண்டுகிறது. நுண்குழாய்களில் சிறு உறைகட்டிகள் உருவாகி உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுக்கின்றன. தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் இப்படி வீணே செலவாகின்றன. அவற்றை ஈடுசெய்ய வேண்டிய கல்லீரலும் பழுதாகியிருக்கிறது. ஊசி குத்திய இடத்திலும் ஈறுகளிலும் குடலிலும் இரத்தம் கசிவது இந்தக் கட்டத்தில்தான். அதாவது, இரத்தக்கசிவு நோயின் பிற்பகுதி விளைவு. அதன் தொடக்கம் அன்று.

இதில் ஆய்வாளர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருந்தது. நச்சுயிரியின் மேலுறைச் சர்க்கரைப்புரதமே உட்சுவர்ச் செல்களை நேரடியாகச் சிதைக்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் ஒரு குழு வாதிட்டது. உடலிலிருந்து பிரித்தெடுத்த இரத்தக்குழாய்களில் அந்தப் புரதத்தை உருவாக்கச் செய்தபோது குழாயின் உட்படலம் உரிந்ததை அவர்கள் காட்டினார்கள். 2003-இல் தாமஸ் கைஸ்பர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் நோயுற்ற மக்காக் குரங்குகளை நாள்தோறும் பரிசோதித்து வேறொன்றைக் கண்டார்கள். உட்சுவர்ச் செல்களில் தொற்று நோயின் கடைசிக் கட்டத்தில்தான் தெரிந்தது. உறைதல் கோளாறு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. குழாய்ச்சுவரின் கட்டமைப்பும் பெருமளவு சிதையாமலே இருந்தது. திசுக் காரணியின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது ஒன்பது குரங்குகளில் மூன்று பிழைத்தன.

என் கருத்தில், இரண்டாவது ஆய்வே வலுவானது. பிரித்தெடுத்த குழாயில் ஒரே புரதத்தை மிகுதியாக உருவாக்குவது, ஓர் உடலில் நோய் நடக்கும் வரிசையைச் சொல்லாது. மூன்று குரங்குகள் பிழைத்தது உறைதல் கோளாறு உண்மையிலேயே கொல்லும் கண்ணிகளில் ஒன்று என்பதைக் காட்டுகிறது. ஆறு இறந்தது அது ஒன்றே காரணமில்லை என்பதையும் காட்டுகிறது.

டெங்குவை அறிந்த தமிழக மருத்துவர்களுக்கு இந்தப் படம் புதிதன்று. அங்கும் பிளாஸ்மா கசிந்து இரத்தம் செறிவடைவதே ஆபத்து. ஆனால் டெங்கு நோயாளியைத் தொடும் செவிலியருக்கு அதனால் நோய் வருவதில்லை; அது கொசுவின் வழி பரவுவது. எபோலாவிலோ கசிவு தீவிரமாகும் அதே நாட்களில் இரத்தத்திலுள்ள நச்சுயிரி அளவும் உச்சத்தை நெருங்குகிறது. கடும் நோயாளியின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அதன் மரபணுப் படிகள் பத்துக்கோடியையும் தாண்டக்கூடும். வாந்தி, மலம், வியர்வை என உடல் வெளியேற்றும் நீர்மங்களில் நச்சுயிரி கலந்திருக்கிறது. இறந்தவரின் தோலிலும் அது உள்ளது. எனவே நோயாளிக்கு அதிகக் கவனிப்பு தேவைப்படும் நேரமே கவனிப்பவருக்கு அதிக ஆபத்தான நேரம். ஒரு நாளில் பல லிட்டர் நீர்மத்தை இழக்கும் ஒருவருக்கு சிரைவழி நீர்மம் ஏற்ற வேண்டும். அதற்கு ஊசி வேண்டும். ஊசி ஏற்ற அருகில் செல்லும் கைகள் வேண்டும்.

கிக்விட், 1995

அன்றைய ஜைர் நாட்டின் கிக்விட் நகரில் நடந்தது இதற்குச் சான்று. 1995 ஜனவரியில் கரி சுடும் தொழிலாளி ஒருவர் இறந்தார். அவருடைய குடும்பத்தாரிடமிருந்து நோய் மெல்லப் பரவி நகரின் மகப்பேறு மருத்துவமனையை அடைந்தது. அங்கே பணியாற்றிய ஆய்வக ஊழியர் ஒருவர் ஏப்ரலில் காய்ச்சலும் வயிற்று வலியுமாகப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டைஃபாய்டால் குடல் துளைபட்டிருக்கும் என்று ஐயுற்று வயிற்றைத் திறந்து அறுவை செய்தார்கள். அவர் சில நாட்களில் இறந்தார். தொடர்ந்து அறுவையில் பங்கேற்றவர்களும் அவரைப் பராமரித்தவர்களும் ஒருவர்பின் ஒருவராக நோயுற்றார்கள். இறந்தவர்களில் ஆறு பேர் இத்தாலியக் கன்னியாஸ்திரீகள். நோய் எபோலா என்று மே மாதத்தில்தான் உறுதியானது. மொத்தம் 315 பேர் நோயுற்றனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மருத்துவ ஊழியர்.

அந்த அறுவை மருத்துவர்களைக் குறைசொல்ல இடமில்லை. டைஃபாய்டும் மலேரியாவும் நிறைந்த ஊரில் அந்த அறிகுறிகளுக்கு அந்த முடிவே இயல்பானது. எபோலா தன்னை இரத்தத்தால் அறிவித்துக்கொள்ளவில்லை. இரத்தம் கசிபவரை மட்டும் தனிமைப்படுத்தும் எந்த விதியும் அங்கே பயன்பட்டிருக்காது. ஐயத்துக்குரிய காய்ச்சல் எதுவானாலும், பெயர் தெரியும் முன்பே கையுறை, ஊசிப் பாதுகாப்பு, கண் மறைப்பு ஆகியவை வழக்கமாக இருந்திருந்தால் மட்டுமே பயன்பட்டிருக்கும்.

மே மாத நடுவில் பாதுகாப்பு உடைகளும் முறையான தடுப்புப் பராமரிப்பும் வந்தபின் ஊழியரிடையே தொற்று ஏறக்குறைய நின்றுபோனது. அதன்பின்னும் நோயுற்றவர்களில் ஒரு செவிலியர், மாசுபட்ட கையுறையோடு தம் கண்ணைத் தேய்த்திருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. முழு உடை அணிந்திருந்தும் ஒரு நொடிப் பழக்கம் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

கழற்றும் வரிசை

அந்தச் செவிலியருக்கு நேர்ந்தது கவச உடையின் உண்மையான பலவீனத்தைச் சொல்கிறது. நோயாளியின் அறையில் இருக்கும்வரை உடை காக்கிறது. வெளியே வந்ததும் அந்த உடையின் வெளிப்பரப்பே தொற்றின் மூலமாகிவிடுகிறது. அணிவதைவிடக் கழற்றுவதே கடினமான வேலை.

அதன் வரிசைக்குக் காரணம் உண்டு. மிகுதியாக மாசுபட்டது முதலில் கழலவேண்டும். கண்ணையும் வாயையும் மூடியிருப்பவை முழு உடை கழலும்வரை இருக்கவேண்டும். முதலில் கையுறையோடு கைகளைக் கிருமிநீக்கம் செய்து மேலங்கியை நீக்குவார்கள். பிறகு தலைமூடி, அதன்பின் முழு உடையை உட்புறம் வெளியே தெரியுமாறு சுருட்டிக்கொண்டே வெளிக்கையுறையோடு சேர்த்துக் கழற்றுவார்கள். அடுத்து கண்ணாடியைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்து எடுப்பார்கள், முகக்கவசத்தையும் அவ்வாறே. பின்னர் காலணி, இறுதியில் உட்கையுறை. ஒவ்வொரு படிக்கும் இடையே கை கழுவப்படும். கருவிகளுக்கும் தரைக்கும் 0.5 விழுக்காடு குளோரின் கரைசல் பயன்படுத்துகிறார்கள்.

இத்தனையையும் வியர்வையில் நனைந்து, கண்ணாடி மங்கி, களைப்புற்ற ஒருவர் தனியே செய்தால் தவறு நேரும். அதனால் எதிரே ஒரு பார்வையாளர் நின்று ஒவ்வொரு அசைவையும் உரக்கச் சொல்லவேண்டும். வெப்பமான நாடுகளில் இந்த உடையோடு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குமேல் இருப்பது இயலாது. பணிமுறையை இந்த எல்லைக்கேற்ப வகுக்காத மருத்துவமனை எத்தனை தடித்த உடை வாங்கினாலும் பயனில்லை. உடையை இன்னும் தடிப்பாக்குவது வெப்பத்தையும் களைப்பையும் கூட்டி, கழற்றும் தவறுகளையே பெருக்கும்.

எல்லைகளும் முடிவும்

தடுப்பூசியும் மருந்தும் இந்தத் தேவையைக் குறைத்துவிட்டனவா? 2019-இல் ஒப்புதல் பெற்ற எர்வெபோ தடுப்பூசி ஜைர் வகை எபோலாவைத் தடுக்கிறது. 2018-20 காங்கோ பரவலின்போது நடந்த பால்ம் என்னும் மருந்தாய்வில், இரண்டு எதிர்ப்பொருள் மருந்துகள் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைத்தன. நச்சுயிரி அளவு குறைவாக இருந்தபோதே அவற்றைப் பெற்றவர்களிடம் இறப்பு பத்தில் ஒன்றை ஒட்டியே இருந்தது. ஆனால் இவை சூடான் வகை எபோலாவுக்கும் அதன் உறவான மார்பர்க் நோய்க்கும் பொருந்தா. 2024-இல் ருவாண்டாவில் மார்பர்க் பரவியபோது உறுதிசெய்யப்பட்ட 66 பேரில் பெரும்பாலானோர் மருத்துவ ஊழியர்களே. முதல் நோயாளியின் நோய் இனங்காணப்படும் முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவில் பரவிவிட்டிருந்தது. எனினும் இறந்தவர்கள் 15 பேர் மட்டுமே. மார்பர்க்குக்கு இது மிகக் குறைந்த விகிதம். நீர்மச் சீர்செய்தலும் உறுப்புகளைத் தாங்கும் தீவிர சிகிச்சையும் அதில் பெரும்பங்கு வகித்தன.

எனவே நோயாளியைப் பாதுகாப்பதும் ஊழியரைப் பாதுகாப்பதும் எதிரெதிர் நோக்கங்கள் அல்ல. கசிவை ஈடுசெய்யும் சிகிச்சையை அச்சமின்றிச் செய்ய முடிந்தால்தான் நோயாளி பிழைக்கிறார். அச்சமின்றிச் செய்ய ஊழியருக்கு வரிசை தவறாத பயிற்சியும் எதிரே நிற்கும் பார்வையாளரும் வேண்டும். காய்ச்சலோடு வருபவரை இரத்தம் கசியும்வரை சாதாரண நோயாளியாகக் கருதும் எந்த மருத்துவமனையும் இன்னொரு கிக்விட்டுக்கு வாயில் திறந்து வைத்திருக்கிறது. நோயைப் பெயரிட்டபின் வாங்கும் உடை தாமதமானது. பெயரிடும் முன்பே ஒவ்வொரு நாளும் பழகிய கைகளே ஊழியரின் முதல் கவசம். அந்தப் பழக்கத்துக்குப் பணமும் நேரமும் ஒதுக்குவது மருத்துவமனை நிர்வாகத்தின் கடமை.