ஒரே 8% வட்டிதான்... மாதாமாதம் வாங்கினால் ஏன் குறைகிறது? கூட்டுறவு சங்க உறுப்பினர்களுக்கு எளிய விளக்கம்

'ரெண்டு பேருமே ஒரு லட்சம்தான் போட்டோம், ரெண்டு பேருக்கும் 8 சதவீதம்தான். அவருக்கு மட்டும் எப்படி அதிகமா வந்துச்சு?' கூட்டுறவு கடன் சங்கங்களின் உறுப்பினர் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் எனப்படும் திருவாடானை பகுதியில், அறுவடை முடிந்து மொத்தமாகக் கையில் வரும் பணத்தை டெபாசிட் போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

எவ்வளவு வித்தியாசம்?

புரிவதற்காக 8 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் சங்கத்தின் வட்டி விகிதம் வேறாக இருக்கலாம். ஒரு லட்சம் ரூபாயை 5 ஆண்டுக்குப் போட்டு, வட்டியை எடுக்காமல் விட்டால், முடிவில் சுமார் 1,48,595 ரூபாய் வரும். அதாவது வட்டி மட்டும் 48,595 ரூபாய். அதையே மாத வட்டியாக வாங்கினால் மாதம் 662 ரூபாய். 60 மாதத்துக்கு மொத்தம் 39,720 ரூபாய். கிட்டத்தட்ட 8,900 ரூபாய் குறைகிறது.

முதல் காரணம்: வட்டிக்கு வட்டி

வங்கி டெபாசிட்டுகளில் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்கிடப்படுகிறது. முதல் 3 மாதத்துக்கு வட்டி 2,000 ரூபாய். அதை நீங்கள் எடுக்காவிட்டால், அடுத்த 3 மாதத்துக்கு 1,02,000 ரூபாய்க்கு வட்டி போடுவார்கள். அது 1,04,040 ஆகும், பிறகு 1,06,121 ஆகும். ஆண்டு முடிவில் 1,08,243 ரூபாய்.

விளைந்த நெல்லைத் திரும்பவும் விதைப்பது மாதிரிதான் இது. மாத வட்டி வாங்குபவர் விளைந்ததை உடனே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அவருடைய அசல் 5 வருஷமும் அதே ஒரு லட்சமாகவே நிற்கிறது.

இரண்டாவது காரணம்: முன்கூட்டியே தருவதற்கான கழிவு

ஒரு லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8,000. அதை 12-ஆல் வகுத்தால் 667 வர வேண்டுமே, ஏன் 662 தருகிறார்கள்? 'அஞ்சு ரூபாயைப் பிடிச்சிட்டாங்க' என்று சந்தேகம் வருவது இங்கேதான்.

3 மாதம் முடிந்த பிறகு தர வேண்டிய 2,000 ரூபாயை வங்கி முன்னதாகவே பிரித்துத் தருகிறது. முதல் மாதம் வாங்கிய 662 ரூபாய்க்கு அடுத்த 2 மாத வட்டி சேர்ந்தால் 671 ஆகும். இரண்டாம் மாதம் வாங்கியது ஒரு மாத வட்டியோடு 667 ஆகும். மூன்றாம் மாதத்தது 662. மூன்றையும் கூட்டினால் சரியாக 2,000. ஆக, இதில் யாரும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. சில சங்கங்களில் கணக்கிடும் முறை மாறலாம். எனவே டெபாசிட் போடும்போதே 'மாதம் கையில் எவ்வளவு வரும்?' என்று ரூபாயில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் மாத வட்டி நஷ்டமா?

இல்லை. மாதம் வரும் 662 ரூபாயை அப்படியே, அதே 8 சதவீதத்தில் தொடர் வைப்பில் கட்டிவந்தால், 5 ஆண்டு முடிவில் அதுவும் கிட்டத்தட்ட 48,600 ரூபாய் ஆகிவிடும். இரண்டு திட்டத்துக்கும் வட்டி ஒன்றுதான். அந்த 8,900 ரூபாய், பணத்தை முன்னாடியே வாங்கிச் செலவழித்ததற்கான விலை.

மருந்து, மளிகை என்று மாதச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்பியிருக்கும் முதியவருக்கு மாத வட்டி சரியானது. தொண்டி பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும் விசைப்படகுக் குடும்பத்துக்கும் இது கைகொடுக்கும். ஆனால் வட்டி சேமிப்புக் கணக்கில் விழுந்து, எடுக்காமல் கிடந்தால் அதுதான் நஷ்டம். அங்கே வட்டி மிகக் குறைவு. பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். மாத வட்டி பல மாதமாக அப்படியே சேர்ந்துகொண்டே இருந்தால், உங்களுக்கு ஏற்றது கூட்டு வட்டி டெபாசிட்தான்.

கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்

ஒன்று, '5 ஆண்டில் 9.72 சதவீத வருமானம்' என்று சொன்னால் அது புதிய வட்டி விகிதம் அல்ல. மொத்த வட்டி 48,595-ஐ 5-ஆல் வகுத்துச் சொல்வது. உண்மையான விகிதம் அதே 8 சதவீதம்தான். இரண்டு இடங்களை ஒப்பிடும்போது ஆண்டு வட்டி விகிதத்தையும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேர்கிறது என்பதையும் கேளுங்கள்.

இரண்டு, மாத வட்டி டெபாசிட்டை இடையில் முடித்தால், பணம் இருந்த காலத்துக்கு உரிய குறைந்த விகிதத்தில் வட்டியைத் திரும்பக் கணக்கிடுவது வழக்கம். ஏற்கெனவே கூடுதலாக வாங்கிய வட்டியை அசலில் கழிப்பார்கள். அதனால் போட்ட ஒரு லட்சத்தைவிடக் குறைவாகக் கைக்கு வரலாம். ஆவணி, புரட்டாசியில் உழவுக்கும் விதைக்கும் தேவைப்படும் பணத்தை 5 ஆண்டு டெபாசிட்டில் போடாமல், தனியாகக் குறுகிய காலத்துக்குப் போடுவது நல்லது.